குரலில் சொல்லித் தமிழ்ப் பதிவு எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போனில் பேசி எழுத என்ன வேண்டும்? தமிழ் (இந்தியா), தமிழ் (இலங்கை) என்று பல வகை காட்டுகிறதே, எதை எடுப்பது?

ஆண்ட்ராய்டு போனில் ஜிபோர்டு விசைப்பலகை இருந்தாலே போதும். 2017 ஆகஸ்டில் கூகுள் குரல் உள்ளீட்டில் புதிதாகச் சேர்த்த மொழிகளில் தமிழும் ஒன்று. அமைப்புகளில் போய்த் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துவிட்டு, அதற்கு மாறிய பிறகே மைக்கைத் தொட வேண்டும். பலரும் ஆங்கில விசைப்பலகையில் இருந்தபடியே மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசிவிட்டு, "இதெல்லாம் வேலைக்கு ஆகாது" என்று விட்டுவிடுகிறார்கள். அந்த நிலையில் அது நீங்கள் பேசுவதை ஆங்கிலமாக நினைத்துக்கொண்டு அர்த்தமில்லாத ஆங்கிலச் சொற்களை அடுக்கிக்கொண்டே போகும்.

கணினியில் என்றால் குரோமில் கூகுள் டாக்ஸைத் திறந்து, `Tools` பட்டியலில் `Voice typing` என்பதை எடுங்கள். `Ctrl+Shift+S` அழுத்தினாலும் வரும். மைக் படத்துக்கு மேலே மொழியைத் தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கிறது.

நாட்டு வகையைப் பொறுத்தவரை, நீங்கள் பேசும் தமிழ் எங்கே புழங்குகிறதோ அதை முதலில் போட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பவர் இலங்கைத் தமிழில் தொடங்குவதுதான் முறை. ஆனால் அதோடு நிற்காமல், ஒரே பத்தியை இரண்டு வகையிலும் படித்துப் பார்த்துப் பிழை எதில் குறைவு என்று எண்ணிவிடுங்கள். ஒரு தடவை செய்தால் போதும், அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியதில்லை.

பேச்சுவழக்கிலேயே சொல்லலாமா? இல்லை, மேடையில் பேசுகிற மாதிரி இலக்கணமாகச் சொல்ல வேண்டுமா?

பதிவு பேச்சுவழக்கில்தான் வரப்போகிறது என்றால் பேச்சுவழக்கிலேயே சொல்லுங்கள். "போயிட்டு வந்துட்டேன்" என்றால் அப்படியே எழுதிக் கொடுத்துவிடும். பதிவு எழுத்துத் தமிழில் வர வேண்டும் என்றால், பேசும்போதே எழுத்துத் தமிழில் பேசிவிடுங்கள். பேச்சுத் தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு வேலை இரட்டிப்பாகிறது. காரணம் சோம்பலல்ல, தமிழின் ஒலி.

ஒரு சொல்லை மட்டும் பார்ப்போம். வந்தான், வந்தாள், வந்தால் ஆகிய மூன்றும் எழுத்தில் வேறு வேறு. வேகமாகப் பேசும்போது மூன்றுமே கிட்டத்தட்ட "வந்தா" தான். ஆணுக்கு வரும் "வந்தா"வில் கடைசியில் மூக்கொலி கொஞ்சம் இருக்கும். எதிரில் இருக்கும் மனிதருக்கு அது போதும், மைக்குக்குப் போதாது. "அவன் வந்தா சொல்றேன்" என்று சொன்னதைத் திருத்த உட்காரும்போது "வந்தால்" என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு பேரைப் பற்றிய கதையில் "வந்தா, பேசினா, போயிட்டா" என்று வரிசையாக வந்திருந்தால், யார் வந்தது, யார் பேசியது என்று நீங்களே யோசிக்க வேண்டிவரும். பேசியது நேற்று என்றால் கேட்கவே வேண்டாம்.

அதனால் நான் சொல்வது இதுதான்: எழுத்துத் தமிழ்ப் பதிவுக்குப் பேசும்போது முழு வாக்கியத்தையும் செய்தி வாசிப்பவர் போல இழுக்க வேண்டியதில்லை. சொல்லின் கடைசி மெய்யை மட்டும் மூடிச் சொல்லுங்கள். ன், ள், ல், ம் இந்த நான்கும் வாயில் முழுசாக முடிந்தால் பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடும். ஆரம்பத்தில் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், வீட்டில் உள்ளவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

"கமா", "புள்ளி" என்று சொன்னால் அந்தச் சொல்லையே எழுதிவிடுகிறது. குறிகளை எப்படிப் போடுவது?

கூகுள் டாக்ஸில் நிறுத்தக் குறிகளைச் சொல்லிப் போடும் வசதி ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு போன்ற சில மொழிகளுக்குத்தான் உண்டு, தமிழுக்கு இல்லை. போனில் எப்படி என்று ஒரு வரி பேசிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

குறி விழவில்லை என்றால் அந்தக் குறையையே பயன்படுத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் "முற்றுப்புள்ளி" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். நீளமான சொல், வேறு எதோடும் குழம்பாது. பேசி முடித்த பிறகு தேடி மாற்றும் வசதியில் அந்தச் சொல்லையும் அதற்கு முன்னால் உள்ள இடைவெளியையும் சேர்த்துக் கொடுத்து, ஒரு புள்ளியாக மாற்றிவிடலாம். "முற்றுப் புள்ளி" என்று பிரிந்தும் விழுந்திருக்கும், அதையும் தனியாக ஒரு முறை மாற்றுங்கள். பிரச்சினைக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள் என்று பதிவிலேயே எழுதுகிறவர் என்றால், எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றவும்.

காற்புள்ளிக்கு இந்த வழி அவ்வளவாக உதவாது. "கமா" என்பது கம்மா, காமா என்று பல வேஷத்தில் வரும், "காற்புள்ளி" என்பது "கால் புள்ளி" ஆகிவிடும். தமிழ் வாக்கியத்துக்குக் காற்புள்ளி குறைவாகவே வேண்டும். கடைசி வாசிப்பில் கையால் போட்டுக்கொள்வது நல்லது. பத்தி பிரிப்பதற்கு மட்டும் "புதுப் பத்தி" என்று சொல்லி வைத்தால் பிறகு தேட வசதியாக இருக்கும்.

பேசிக்கொண்டே இருக்கும்போது நின்றுவிடுகிறது. நடுவில் சில வார்த்தைகள் காணாமலும் போகின்றன.

நீங்கள் யோசிக்க எடுத்துக்கொள்ளும் இடைவெளியைப் பேச்சு முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு மைக் அணைந்துவிடுகிறது. அது அணைந்தது தெரியாமல் நீங்கள் பேசிக்கொண்டே போவதில்தான் முழு வாக்கியங்கள் தொலைகின்றன. திரையைப் பார்த்தபடி பேசுங்கள். மைக்கைத் தொட்டதும் அரை நொடி விட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் முதல் சொல்லின் தலை போய்விடும்.

திரையில் ஓடும் சொற்கள் மாறி மாறித் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். வாக்கியம் வளர வளர, முன்பு எழுதியதை அது தானே திருத்திக்கொள்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் விரலை வைத்துத் திருத்தப் போனால் கடைசித் துண்டு மறைந்துவிடலாம். பேசி முடித்து ஒரு நொடி காத்திருந்து, எழுத்து அசையாமல் நின்ற பிறகு தொடுங்கள். இன்னொன்று, துண்டு துண்டாகச் சொல்லாமல் முழு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் சொன்னால் பிழை குறையும். பக்கத்துச் சொற்களை வைத்துத்தான் அது "பள்ளி"யா "பல்லி"யா என்று முடிவு செய்கிறது. ஒற்றைச் சொல்லாகக் கொடுத்தால் அதற்குப் பிடிமானம் இல்லை.

நெட் தடுமாறும் இடத்திலும் சொற்கள் விழுந்துபோகும். பஸ்ஸில் போகும்போது பேசி எழுதுவதை நான் விட்டுவிடச் சொல்வேன்.

எழுத்துப் பிழை திருத்தியில் போட்டுப் பார்த்தேன், ஒரு பிழையும் காட்டவில்லை. ஆனால் போட்ட பிறகு படிப்பவர்கள் பிழை பிழையாகச் சொல்கிறார்கள். ஏன்?

கையால் தட்டும்போது வரும் பிழை, சொல்லே இல்லாத ஒன்றாக இருக்கும். "பள்ளி"யை "பளளி" என்று தட்டியிருப்போம். திருத்தி அதைப் பிடித்துவிடும். குரலில் வரும் பிழை அப்படியல்ல. அந்த மென்பொருளுக்குத் தெரிந்த சொற்களிலிருந்துதான் அது எடுத்துப் போடுகிறது, ஆகவே தப்பாகப் போடும்போதும் ஒழுங்கான தமிழ்ச் சொல்லையே போடும். திருத்திக்குச் சந்தேகம் வர வழியே இல்லை. உங்கள் கண்ணுக்கும் அதே கதிதான், ஏனென்றால் நீங்கள் சொன்னது உங்கள் மனதில் இருக்கிறது, திரையில் இருப்பதற்குப் பதில் அதைப் படித்துவிடுகிறீர்கள்.

ஒரு பத்தியை எடுத்துக் காட்டுகிறேன். மதுராந்தகம் ஏரியைப் பற்றிச் சொன்னதும், திரையில் வந்து விழுந்தது இப்படி:

> மதுராந்தகம் ஏரி நிரம்பி விட்டால் கலக்கல் வழியாக உபரி நீர் கிளி ஆற்றில் இரங்கும் கறை ஓரம் ஏரி காத்த ராமர் கோயில் இருக்கிறது வெள்ளைக்காரர் காலத்தில் கலெக்டராக இருந்த லைன் பிளேஸ் கரையை காக்க ராமரை வேண்டிக் கொண்டார் அந்த மழையில் கரை உடைய வேலை என்பது ஊர் கதை

முதல் பார்வையில் பரவாயில்லை என்றுதான் தோன்றும். ஆனால் "கலக்கல்" என்று வந்திருப்பது கலங்கல். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கட்டிய இடம் அது. விவசாயியின் வாயில் தினமும் புழங்கும் சொல். ஆனால் இணையத்தில் "கலக்கல்" எழுதப்பட்ட அளவுக்கு அது எழுதப்படவில்லை, அதனால் மென்பொருள் கலக்கலைத்தான் தேர்ந்தெடுக்கும். மடை, மதகு, வாய்க்கால், வரப்பு என்று தொழில் சார்ந்து எழுதுகிற எல்லோருக்கும் இதே தொல்லை உண்டு.

"இரங்கும்" என்றால் மனமிரங்கும். தண்ணீர் ஆற்றில் இறங்க வேண்டும். "கறை" என்றால் துணியில் படுவது. அடுத்த வாக்கியத்திலேயே "கரை" என்று சரியாக வந்திருப்பதைக் கவனியுங்கள். ஒரே சொல் ஒரே பத்தியில் ஓரிடத்தில் சரியாகவும் ஓரிடத்தில் தப்பாகவும் வரும். ஆகவே ஒரு இடத்தைப் பார்த்துவிட்டு "இந்தச் சொல் சரியாகத்தான் வருகிறது" என்று நம்பிவிடக் கூடாது. "லைன் பிளேஸ்" என்பது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டுச் சீமையின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ். எல்லாவற்றையும் விட மோசம் "கரை உடைய வேலை". சொன்னது "கரை உடையவே இல்லை". எதிர்மறை காணாமல் போய், கதையே தலைகீழாகிவிட்டது.

திருத்திய பிறகு:

> மதுராந்தகம் ஏரி நிரம்பிவிட்டால் கலங்கல் வழியாக உபரிநீர் கிளியாற்றில் இறங்கும். கரையோரம் ஏரி காத்த ராமர் கோயில் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், கரையைக் காக்க ராமரை வேண்டிக்கொண்டார், அந்த மழையில் கரை உடையவே இல்லை என்பது ஊர்க்கதை.

அப்படியென்றால் எந்த வரிசையில் திருத்துவது? ஒரே தடவையில் எல்லாவற்றையும் பார்க்க முடியவில்லை.

ஒரே தடவையில் பார்க்க முயல்வதுதான் தவறு. நான் முதலில் பொருளை மட்டும் பார்ப்பேன். எழுத்துப் பக்கமே போக மாட்டேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் யார், என்ன செய்தார், செய்தாரா செய்யவில்லையா என்பது நான் சொன்னபடி இருக்கிறதா? "இல்லை", "முடியாது", "கூடாது" வர வேண்டிய இடங்களில் இருக்கின்றனவா? இந்தச் சுற்றில் வாக்கியங்களைப் பிரித்துப் புள்ளியும் வைத்துவிடுவேன். சிறிய இடைச்சொற்கள் தொலைந்திருப்பதும் இங்கேதான் தெரியும். "அவர்தான் சொன்னார்" என்பதில் "தான்" விழுந்துவிட்டால் வாக்கியம் சரியாகவே இருக்கும், ஆனால் நீங்கள் சொல்ல வந்த அழுத்தம் போய்விடும்.

அடுத்த சுற்று ல, ள, ழ, பிறகு ர, ற, அதோடு ன, ண. இதைக் கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் படித்து வாருங்கள். கதையின் ஓட்டம் அறுந்துவிடுவதால் கண் ஒவ்வொரு சொல்லாக நிற்கும். எல்லாச் சொல்லையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. மாற்றி எழுதினால் இன்னொரு சொல்லாகும் சொற்கள்தான் ஆபத்து: வலி, வழி, விலை, விளை, பனி, பணி, மனம், மணம், அரை, அறை, உரை, உறை, அரிய, அறிய, பரவை, பறவை. இந்தப் பட்டியலை நீளமாக்குவதை விட, உங்கள் பதிவுகளில் திரும்பத் திரும்ப வருவதை மட்டும் ஒரு காகிதத்தில் குறித்து வையுங்கள். ஏரியைப் பற்றி எழுதுபவருக்குக் கரை, கறை. சமையல் எழுதுபவருக்குக் கறி, கரி. அவரவர் பட்டியல் வேறு. பதிவு முடிந்ததும் அந்தச் சொற்களைத் தேடல் பெட்டியில் போட்டு ஒவ்வொரு இடமாகப் பார்த்துவிட்டால் பெரும்பகுதி முடிந்தது.

உங்கள் வாயிலேயே ழகரம் வரவில்லை என்றால் மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அதற்காக நாக்கை வளைத்துப் பயிற்சி எடுக்கவும் வேண்டாம். "பழம்" என்பதைப் "பளம்" என்று சொன்னாலும் பழம் என்றே எழுதும், ஏனென்றால் வேறு சொல் அங்கே பொருந்தாது. இரண்டும் பொருந்தும் இடத்தில்தான் தடுமாறும்.

ஒற்றுப் பிழைதான் எனக்கு அதிகம். க், ச், த், ப் சில இடத்தில் போடுகிறது, சில இடத்தில் விட்டுவிடுகிறது.

பேசும்போது "அந்தப் பையன்" என்பதில் ப் காதில் விழத்தான் செய்கிறது. ஆனால் மென்பொருள் எதைப் பார்த்துப் பழகியதோ அந்த எழுத்துகளிலேயே பாதிப் பேர் ஒற்றுப் போடுவதில்லை. அதனால் அதற்கு இரண்டுமே சரிதான். இதைச் சரிசெய்யாமல் பதிவிட்டால் வானம் இடிந்துவிடாது. அப்படியும் கவனித்துப் படிப்பவர்களுக்கு நெருடும்.

முழு இலக்கணத்தையும் புரட்ட வேண்டியதில்லை. பிழைகளில் பெரும்பாலானவை சில இடங்களில்தான் விழுகின்றன. அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின்னால் க, ச, த, ப வந்தால் ஒற்று வரும். ஐ உருபுக்குப் பின்னாலும் வரும்: கரையைக் காக்க, வீட்டைப் பார்த்தேன். கு உருபுக்குப் பின்னாலும் அப்படியே: ஊருக்குப் போனேன். படித்து, கேட்டு, எடுத்து போல வல்லின மெய்யோடு வரும் எச்சங்களுக்குப் பின்னாலும் வரும்: படித்துப் பார்த்தேன், எடுத்துக் கொடுத்தார். வந்து, சென்று, என்று போல மெல்லின மெய்யோடு வருபவற்றுக்கு வராது: வந்து போனார், என்று கூறினார். "வந்த பையன்", "ஒரு கதை" இவற்றுக்கும் வராது. வேகமாகத் திருத்துபவர்கள் இங்கேதான் தேவையில்லாத ஒற்றைப் போட்டுவிடுகிறார்கள்.

அந்த, இந்த, எந்த மூன்றையும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் சுலபமாகப் பிடிக்கலாம். `Find & Replace` பெட்டியில் `Regular expressions` என்பதை டிக் செய்துவிட்டு, தேடும் இடத்தில்:

```
(அந்த|இந்த|எந்த) ([கசதப])
```

மாற்றும் இடத்தில்:

```
$1$2் $2
```

இது "அந்த காலம்" என்பதை "அந்தக் காலம்" ஆக்கும். `$2`-க்குப் பின்னால் ஒட்டி நிற்பது மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி. `Replace All` வேண்டாம், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். "அந்த பஸ்" என்று வந்தால் பலர் ஒற்றுப் போடாமல் விடுவார்கள், ஏனென்றால் அந்த ப ஆங்கிலத்தின் ஒலி. அதை உங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன்.

சொற்களைத் தேவையில்லாமல் பிரித்துப் பிரித்துப் போடுகிறது. எல்லாவற்றையும் சேர்க்க வேண்டுமா?

"செய்ய வில்லை", "கொண்டு இருந்தார்", "போய் விட்டது" இவற்றைச் சேர்த்துவிடுங்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கக் கூடாது. "சொல்லிவிட்டார்" என்றால் சொல்லி முடித்துவிட்டார். "சொல்லி விட்டார்" என்றால் யாரிடமோ சொல்லியனுப்பினார். பிரிந்து கிடக்கும் துணைவினை தனியாகவும் வினையாக நிற்கக்கூடியதா என்று ஒரு நொடி பார்த்தால் போதும்.

எண்களும் ஆங்கிலச் சொற்களும் கண்டபடி வருகின்றன.

எண்களில் முதலில் பார்க்க வேண்டியது தோராயமாகச் சொன்னவற்றை. "இரண்டு மூன்று பேர்" என்று சொன்னது "2 3 பேர்" என்றோ, ஒட்டிக்கொண்டு "23 பேர்" என்றோ வந்தால் செய்தியே மாறிவிடும். "ஏழெட்டு", "பத்துப் பதினைந்து" என்பவையும் அப்படித்தான். இவற்றைக் கையால் தட்டிவிடுங்கள். ஆண்டைச் சொல்லும்போது நடுவில் நிறுத்தாமல் சொல்லுங்கள். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து" என்று சொல்லிவிட்டு யோசித்தால், அது 1900 என்று எழுதி முடித்துவிடும், பிறகு வரும் எண்பத்தைந்து தனியாக நிற்கும். தொகை, தேதி, போன் எண் வரும் எந்த இடத்தையும் மூலத்தோடு ஒப்பிடாமல் பதிவிட வேண்டாம்.

ஆங்கிலச் சொற்கள் ஓரிடத்தில் ஆங்கில எழுத்திலும் ஓரிடத்தில் தமிழ் எழுத்திலும் வரும். எதையாவது ஒன்றை முடிவு செய்து ஒரே மாதிரி ஆக்குங்கள். "கேஸ்" என்று வந்தால் அது நீதிமன்ற வழக்கா, சமையல் சிலிண்டரா என்று படிப்பவருக்குத் தெரிகிறதா பாருங்கள். சந்தேகம் வந்தால் வழக்கு, சிலிண்டர் என்று போட்டுவிடலாம்.

ஒரு பெயர் பதிவு முழுக்க வருகிறது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறது.

அந்தப் பெயரைச் சொல்லவே சொல்லாதீர்கள். மென்பொருள் தவறாமல் எழுதக்கூடிய ஒரு சாதாரணப் பெயரைச் சொல்லிவிட்டு, கடைசியில் மொத்தமாக மாற்றுங்கள். ஒரு கவனம் வேண்டும்: மாற்றுப் பெயரும் அசல் பெயரும் ஒரே மாதிரி முடிய வேண்டும். ஊரின் பெயர் இகரத்தில் முடிந்தால் "வள்ளி" என்று சொல்லலாம். வள்ளியை, வள்ளிக்கு, வள்ளியில் என்று எந்த உருபு சேர்ந்தாலும் "வள்ளி" அப்படியே நிற்கும், மாற்றும்போது உருபும் சரியாக ஒட்டும். மகரத்தில் முடியும் பெயரை இப்படி மாற்றினால் சிக்கல். "வள்ளியை" என்பது "மதுராந்தகம்யை" ஆகிவிடும். அதற்கு மகரத்தில் முடியும் பெயரையே எடுக்க வேண்டும், அப்போதும் "மதுராந்தகத்தை" போன்ற வடிவத்தைத் தனியாகத் தேட வேண்டிவரும். சொன்ன மாற்றுப் பெயரில் உண்மையிலேயே ஒருவர் கதையில் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போனையே படிக்கச் சொல்லிக் கேட்டால் பிழை தெரிந்துவிடுமா?

தொலைந்த சொல், திரும்ப வந்த சொல், குறில் நெடில் மாறியது, தப்பான இடத்தில் முடிந்த வாக்கியம் எல்லாம் காதில் உடனே விழும். அந்த அளவுக்கு மிகவும் உதவும். "கொடை" என்பதைக் "கோடை" என்று படித்தால் நீங்கள் நிமிர்ந்துவிடுவீர்கள். ஆனால் கரை, கறையைக் காதால் பிடிக்க முடியாது. நீங்கள் பேசியபோது எந்த ஒலி வேறுபாடு மைக்குக்கு எட்டவில்லையோ, அதே வேறுபாடு திரும்பக் கேட்கும்போது உங்களுக்கும் எட்டாது. ஆகவே ல, ள, ழ வகைப் பிழைகளுக்குக் கண்தான். பொருளுக்கும் ஓட்டத்துக்கும் காது.

என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லாத வரிகள் வருகின்றன. என்ன செய்வது?

பேசும்போதே இன்னொரு போனில் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே போனில் ஒலிப்பதிவும் குரல் தட்டச்சும் சேர்ந்து நடப்பது கடினம், மைக் பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் கிடைக்கும். நீளமான பதிவுக்கு, அதிலும் வீட்டுப் பெரியவர் சொல்லச் சொல்ல எழுதும்போது, இது கட்டாயம். ஒலிப்பதிவு இல்லையென்றால் அந்த வரியை ஊகித்து ஒட்ட வைக்காமல் எடுத்துவிட்டு மறுபடி சொல்லுங்கள். பெரியவர் சொன்னது என்றால் அவரிடமே கேளுங்கள். ஊகித்து எழுதிய வரி அவர் வாயில் வராத சொல்லோடு நிற்கும்.

எதைச் சொல்லி எழுதக் கூடாது?

செய்யுளை. பாடல் வரியில் அதற்குத் தெரியாத சொல் வந்தால், ஒலியில் கிட்ட வரும் இன்றைய சொல்லைப் போட்டுவிடும். பார்ப்பதற்குத் தமிழாகத்தான் இருக்கும், படிப்பவரும் பாட பேதம் என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு. நல்ல பதிப்பிலிருந்து பார்த்துத் தட்டுங்கள். அளவோடு வரும் சமையல் குறிப்பும் அப்படித்தான். செய்முறையைப் பேசி எழுதலாம், பொருள் பட்டியலைக் கையால் தட்டிவிடுங்கள். மருந்தின் பெயரும் அளவும் வரும் வரிகளைப் பேசி எழுதவே வேண்டாம்.

இவ்வளவு திருத்துவதற்குத் தட்டியே எழுதிவிடலாமே?

தமிழ் விசைப்பலகையில் விரல் ஓடுபவர் என்றால் குறுகிய பதிவுக்குத் தட்டுவதே மேல். இரண்டு பத்தியைச் சொல்லி, நாலு சுற்றுத் திருத்துவதில் அர்த்தமில்லை. நீளமாக ஒரு சம்பவத்தை, ஒரு ஊரை, ஒரு பயணத்தைச் சொல்லப் போகிறீர்கள் என்றால் பேசுங்கள். கண் பார்வை குறைந்தவர்களுக்கும் விரல் வலி உள்ளவர்களுக்கும் இந்தக் கணக்கே பொருந்தாது. அவர்கள் பேசட்டும், ல, ள, ழ பார்க்கும் சுற்றை மட்டும் வீட்டில் தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுக்கலாம்.

கையால் எழுதிய பதிவையும் குரலில் சொன்னதையும் ஒரே நாளில் கலந்து எழுதுபவர்கள் ஒன்று செய்யலாம். சொன்ன பத்திகளுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டு வையுங்கள். எந்தப் பத்தியை எந்தக் கண்ணால் திருத்த வேண்டும் என்று தெரியும். பதிவிடும் முன் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள்.